பத்தாயிரத்தில் 428 ரூபாய் எங்கே போனது? கான்ட்ராக்ட் நோட்டைப் படிக்கும் முறை

எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பங்குத் தரகர் அலுவலகத்திலிருந்து வந்த கான்ட்ராக்ட் நோட்டை, அதாவது அன்றைய வர்த்தகத்தின் கணக்குக் காகிதத்தை, மடியில் வைத்து மின்விசிறி ஓட ஓட எடுத்த படம். கூடவே ஒரு குரல் பதிவு: "தம்பி, 51,200க்கு ஒன்றை விற்றேன், 41,200க்கு இன்னொன்றை வாங்கினேன். 10,000 வர வேண்டும். 9,571 ரூபாய் 57 பைசா என்று போட்டிருக்கிறார்கள். தரகு 277 ரூபாய்தான் என்கிறார்கள். மீதி எங்கே?"

நியாயமான கேள்வி. ஊரில் பலருக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்பதால் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை இதே கேள்வி வேறு வேறு தொகைகளோடு என்னிடம் வரும். அவருடைய காகிதத்தையே வைத்துக்கொண்டு, எந்த எண் பங்கின் விலை, எது தரகருக்கு, எது சந்தைக்கும் அதைக் கண்காணிக்கும் செபி அமைப்புக்கும், எது அரசுக்கு என்று பிரித்துக் காட்டுகிறேன். பங்குகளின் பெயர்களை மட்டும் 'அ', 'ஆ' என்று மாற்றிவிட்டேன்.

முதலில் படம் முழுதாக இருக்கிறதா?

கான்ட்ராக்ட் நோட் அகலமான காகிதம். கைப்பேசியை நேராகப் பிடித்து எடுத்தால் வலது ஓரத்தில் உள்ள ஒன்றிரண்டு கட்டங்கள் வெட்டுப்பட்டுப்போகும். நமக்கு மிகவும் தேவையான "Net Total" கட்டம் இருப்பதோ அந்த வலது ஓரத்தில்தான். பக்கத்தின் அடிப்பகுதியில் இருக்கும் கட்டண வரிகளும் பல நேரம் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கும். ஆகவே வலது ஓரம், கடைசி வரி, இரண்டாம் பக்கம் ஆகிய மூன்றும் வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

ஆசிரியரிடம் காகிதத்தை மேசையில் விரித்து, கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து, மேலிருந்து நேராக மறுபடி எடுக்கச் சொன்னேன். மின்னஞ்சலில் பிடிஎஃப் வந்திருந்தால் படமே வேண்டாம், அதையே அனுப்பலாம். பெரும்பாலும் பான் எண்தான் அதற்குக் கடவுச்சொல். அவருடைய பிடிஎஃப் எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது என்பது வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குத்தான் தெரியுமாம். படத்தோடே மல்லுக்கட்டினோம்.

மேல் பாதி: வர்த்தக வரிகள்

காகிதத்தின் மேல் பாதியில் ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் ஒரு வரி இருக்கும். ஆர்டர் எண், நேரம், பங்கின் பெயர் ஆகியவற்றைத் தாண்டினால் வாங்கியதற்கு B, விற்றதற்கு S என்ற எழுத்து வரும். அதற்குப் பிறகு வரும் ஐந்து கட்டங்களே நமக்கு வேண்டியவை. ஆசிரியரின் காகிதத்தில் அவை இப்படி இருந்தன:

```
      Qty   Gross Rate   Brokerage   Net Rate    Net Total
                         per Unit    per Unit
அ  B  100     412.00      1.2360     413.2360    41,323.60
ஆ  S   40   1,280.00      3.8400   1,276.1600    51,046.40
```

"Gross Rate" என்பது சந்தையில் பேரம் முடிந்த விலை. அதை எண்ணிக்கையால் பெருக்கினால் வர்த்தக மதிப்பு கிடைக்கும். அ-வுக்கு 412 × 100 = 41,200, ஆ-வுக்கு 1,280 × 40 = 51,200. இந்த இரண்டு எண்களும் காகிதத்தில் எங்குமே அச்சாகவில்லை என்பதைக் கவனியுங்கள். நாமே பெருக்கித்தான் எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி தவிர மற்ற வரிகளும் கட்டணங்களும் இவற்றின் மேல்தான் போடப்படுகின்றன என்பதால் முதல் வேலையாக இவற்றைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டம் ஒரு பங்குக்கான தரகு. இங்கே 0.30 சதவீதம். வாங்கும்போது விலையோடு கூட்டுகிறார்கள், விற்கும்போது விலையிலிருந்து கழிக்கிறார்கள். அப்படி வருவதுதான் "Net Rate". அதை எண்ணிக்கையால் பெருக்கினால் கடைசிக் கட்டம். ஆக, 41,323.60 என்பது பங்கின் விலை மட்டும் அல்ல. தரகு 123.60 அதற்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதேபோல 51,046.40-இல் 153.60 ஏற்கெனவே போய்விட்டது. இரண்டும் சேர்ந்து தரகு 277.20. இதை நினைவில் வையுங்கள், கீழே இதே எண் மறுபடி வந்து குழப்பப்போகிறது.

படம் மங்கலாக இருந்தால் இந்தக் கட்டங்களே ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும். ஆசிரியரின் படத்தில் அ-வின் நிகர விலை 413.236-ஆ, 418.236-ஆ என்று தெரியவில்லை. காகிதத்தின் மடிப்பு சரியாக அந்த 3-இன் மேல் விழுந்திருந்தது. 412-உடன் 1.236-ஐக் கூட்டினால் 413.236. அதை 100-ஆல் பெருக்கினால் 41,323.60, கடைசிக் கட்டத்தில் இருப்பதும் அதுவே. 418 என்று படித்திருந்தால் 41,823.60 வந்து பொருந்தாமல் போயிருக்கும். ஒரு எண்ணைக் கண்ணால் ஊகிப்பதைவிடப் பெருக்கிப் பார்ப்பது நல்லது. சாய்வாக எடுத்த படத்தில் ஒரு வரியின் விலை அடுத்த வரியின் தொகையோடு சேர்ந்ததுபோலத் தெரிவதும் உண்டு. அதையும் இந்தப் பெருக்கல் காட்டிக்கொடுக்கும்.

ஒரே ஆர்டர் பல துண்டுகளாக நிறைவேறியிருந்தால் வரிகளும் பலவாக இருக்கும். நூறு பங்கு கேட்டால் சந்தையில் ஒருவரே நூறும் தர வேண்டும் என்பதில்லை. உதாரணமாக 30 பங்கு 411.90-இலும், 50 பங்கு 412-இலும், 20 பங்கு 412.15-இலும் வாங்கப்பட்டிருக்கலாம். மூன்றையும் தனித்தனியாகப் பெருக்கிக் கூட்டினால் 41,200, சராசரி 412. மூன்று விலைகளையும் கூட்டி மூன்றால் வகுப்பது தவறு. அப்படிச் செய்தால் 412.02 என்று வரும். இரண்டு பைசாதான் என்றாலும் அடியில் கணக்கு நிற்காது.

கீழ் பாதி: தரகு மறுபடி வருகிறதே!

கீழ் பாதியில் இருந்தவை இவை:

```
Pay in / Pay out obligation      9,722.80
Taxable value of supply            277.20
Exchange transaction charges         2.74
SEBI turnover fees                   0.09
CGST 9%                             25.20
SGST 9%                             25.20
Securities transaction tax          92.00
Stamp duty                           6.00
Net amount receivable            9,571.57
```

முதல் வரி, மேலே உள்ள இரண்டு நிகரத் தொகைகளின் வித்தியாசம்: 51,046.40 − 41,323.60 = 9,722.80. விற்றது அதிகம் என்பதால் பணம் நமக்கு வர வேண்டும். வாங்கியது அதிகமாக இருந்தால் நாம் கட்ட வேண்டும். கட்ட வேண்டிய தொகையைப் பலர் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள், சிலர் கழித்தல் குறி போடுகிறார்கள். படத்தில் முதலில் காணாமல் போவது இந்த மெல்லிய குறிதான். வரவா செலவா என்ற சந்தேகம் வந்தால் B, S எழுத்துகளை வைத்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது வரியில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். "Taxable value of supply" என்பது தரகுத் தொகை. மேலே பங்குக்குப் பங்கு எடுத்த அதே 277.20. அதை இங்கே போட்டிருப்பது ஜிஎஸ்டியை எந்தத் தொகையின் மேல் கணக்கிட்டோம் என்று காட்டுவதற்காக. 9,722.80-இலிருந்து அது ஏற்கெனவே கழிந்துவிட்டது. இதை மறுபடி கழித்தால் விடை 9,294.37 என்று வரும். காகிதம் சொல்வதோ 9,571.57. தரகர் தவறுதலாக 277 ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டார் என்று ஒருவர் என்னிடம் மகிழ்ச்சியோடு வந்ததுகூட உண்டு.

ஆனால் இதையே விதியாக மனப்பாடம் செய்துகொள்ளாதீர்கள். ஒரு ஆர்டருக்கு இவ்வளவு என்று நிலையான தரகு வாங்கும் நிறுவனங்கள் பல, மேலே உள்ள தரகுக் கட்டத்தைச் சுழியமாக விட்டுவிட்டுத் தரகைக் கீழே மட்டும் காட்டுகின்றன. அங்கே "Gross Rate", "Net Rate" இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அந்தக் காகிதத்தில் இந்த வரியைக் கழித்தே ஆக வேண்டும். ஆகவே புதிய காகிதம் எது வந்தாலும் முதல் சோதனை இதுதான்: விலையும் நிகர விலையும் வேறுபட்டால் தரகு மேலேயே முடிந்துவிட்டது. ஒன்றாக இருந்தால் கீழே காத்திருக்கிறது.

ஒவ்வொரு கட்டணத்தையும் நாமே போட்டுப் பார்ப்போம்

சரிபார்க்கும்போது மொத்த வர்த்தக மதிப்பு 92,400-ஐக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 41,200-உம் 51,200-உம் சேர்ந்தது அது. கழிப்பதற்கும் முத்திரைத் தீர்வைக்கும் மட்டும்தான் வாங்கியது, விற்றது என்ற பேதம். மற்றக் கட்டணங்களை இரண்டையும் கூட்டித்தான் போடுவார்கள்.

பரிவர்த்தனைக் கட்டணம் பங்குச் சந்தைக்குப் போவது. செபியின் உத்தரவுக்குப் பிறகு எல்லாத் தரகருக்கும் ஒரே விகிதம் என்றானபோது, 1 அக்டோபர் 2024 முதல் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயில் ரொக்கப் பங்கு வர்த்தகத்துக்கு லட்சத்துக்கு ரூ.2.97 என்று வைத்தார்கள். 92,400-க்கு 2.74 வருகிறது. செபியின் கட்டணம் கோடிக்குப் பத்து ரூபாய், இங்கே 9 பைசா. இந்த இரண்டு வரிகளிலும் மனதைச் செலுத்த ஒன்றுமில்லை. ஆனால் விகிதங்கள் மாறக்கூடியவை. உங்கள் காகிதத்தின் தேதியில் எது நடப்பில் இருந்தது என்பதைச் சந்தையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி 18 சதவீதம். எதன் மேல் என்பதுதான் கேள்வி. பங்கின் விலை மேல் அல்ல. தரகு, பரிவர்த்தனைக் கட்டணம், செபி கட்டணம் ஆகிய மூன்று சேவைக் கட்டணங்களின் மேல் மட்டும்: 277.20 + 2.74 + 0.09 = 280.03. அதில் ஒன்பது சதவீதம் 25.20, இருமுறை போட்டால் 50.40. தரகரின் ஜிஎஸ்டி பதிவும் உங்கள் முகவரியும் ஒரே மாநிலத்தில் இருந்தால் இப்படி இரண்டு வரிகளாக வரும். வேறு மாநிலப் பதிவு என்றால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக வரும். அப்போது 50.41 என்று ஒரு பைசா கூடலாம். ஒரு பைசாவுக்காக யாரையும் கூப்பிட்டுச் சண்டை போட வேண்டாம்.

பங்கு பரிவர்த்தனை வரி, அதாவது எஸ்டிடி, மத்திய அரசுக்குப் போவது. அன்றே விற்றுவிடாமல் பங்கை நம் கணக்கில் டெலிவரி எடுத்தால் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம். 92,400-க்கு 92.40, முழு ரூபாயாக்கி 92. முத்திரைத் தீர்வை வாங்கியவருக்கு மட்டும், 0.015 சதவீதம். 1 ஜூலை 2020 முதல் நாடு முழுக்க இதே விகிதம்தான், பணம் மாநில அரசுக்குப் போகிறது. 41,200-க்கு 6.18, இங்கே 6 ஆக்கியிருக்கிறார்கள். இந்த இரண்டின் மேலும் ஜிஎஸ்டி கிடையாது.

உங்கள் காகிதத்தில் எஸ்டிடி இந்தக் கணக்கைவிட மிகக் குறைவாக இருந்தால், ஒரே பங்கை அதே நாளில் வாங்கி விற்றிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படி ஒரே நாளில் முடியும் வர்த்தகத்துக்கு விற்பவர் பக்கம் மட்டும் 0.025 சதவீதம்தான் எஸ்டிடி, முத்திரைத் தீர்வையும் 0.003 சதவீதம்தான். நூறு வாங்கி அன்றே அறுபதை விற்றிருந்தால் அறுபதுக்கு ஒரு கணக்கு, நாற்பதுக்கு இன்னொரு கணக்கு. ஒரே விகிதத்தைப் போட்டுப் பார்த்து ஒத்துவரவில்லை என்று தலையைச் சொறிபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

இப்போது கூட்டுவோம். தரகை விட்டுவிட்டு மற்றவை: 2.74 + 0.09 + 50.40 + 92 + 6 = 151.23. 9,722.80-இலிருந்து இதைக் கழித்தால் 9,571.57. காகிதத்தின் கடைசி வரியோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறது.

ஆசிரியரின் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. காணாமல் போன 428.43-இல் தரகர் எடுத்தது 277.20. சந்தைக்கும் செபிக்கும் சேர்ந்து 2.83. ஜிஎஸ்டி, எஸ்டிடி, முத்திரைத் தீர்வை என்று அரசுகளுக்கு 148.40. "பார், அரசாங்கம்தான் பிடுங்குகிறது" என்றார். முழுதும் அப்படி இல்லை. அந்த 50.40 ஜிஎஸ்டியில் ஏறக்குறைய 49.90, தரகின் மேல் போடப்பட்டது. தரகு குறைந்தால் அதுவும் குறையும். தரகரை மாற்றினாலும் மாறாதவை எஸ்டிடி, முத்திரைத் தீர்வை, சந்தை மற்றும் செபி கட்டணங்கள். அவையும் அவற்றுக்கான ஜிஎஸ்டியும் சேர்ந்து 101 ரூபாய் சொச்சம். மீதி 327 ரூபாய் தரகைப் பொறுத்தது. பேரம் பேச விரும்பினால் பேச வேண்டியது 0.30 சதவீதத்தைப் பற்றித்தான்.

வருமான வரிக்கு எழுதி வைக்கும்போது

9,571.57 ரூபாயை லாபம் என்று எழுதிவிடாதீர்கள். விற்றது ஆ, வாங்கியது அ. ஆ-வை எப்போது, எவ்வளவுக்கு வாங்கினாரோ அந்தப் பழைய கான்ட்ராக்ட் நோட்டை எடுத்தால்தான் லாபமோ நஷ்டமோ தெரியும். முதன்முதலில் கணக்கு எழுத வந்தபோது நானே ஒருவருக்குக் கடைசி வரியை விற்பனைத் தொகையாகப் போட்டுவிட்டு, தாக்கல் செய்வதற்கு முந்தைய இரவு கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறேன்.

மூலதன ஆதாயக் கணக்கில் தரகையும் அதற்கான ஜிஎஸ்டியையும் மற்றக் கட்டணங்களையும் சேர்க்கலாம். எஸ்டிடியைச் சேர்க்கக் கூடாது. ஆகவே அந்த 92 ரூபாயைத் தனியே வைத்துவிட்டு, மற்றவற்றை அந்தந்த வர்த்தகத்துக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அ-வுக்குப் பரிவர்த்தனைக் கட்டணம் 1.22, செபி 0.04, தரகு 123.60. இவற்றின் மேல் ஜிஎஸ்டி 22.47. முத்திரைத் தீர்வை முழுதும் அ-வைச் சேர்ந்தது, ஏனென்றால் வாங்கியது அது மட்டும்தான். ஆக அ-வின் அடக்க விலை 41,353.33. என்றாவது அ-வை விற்கும்போது தேவைப்படப்போகும் எண் இது. இதே வழியில் ஆ-வின் விற்பனைத் தொகையிலிருந்து தரகு 153.60, கட்டணங்கள் 1.52, 0.05, ஜிஎஸ்டி 27.93 ஆகியவற்றைக் கழித்தால் செலவு போக 51,016.90. இரண்டு ஜிஎஸ்டியும் சேர்ந்து 50.40, காகிதத்தில் இருப்பதும் அதுவே.

இதை அன்றே எழுதி வைப்பது நல்லது. வாட்ஸ்அப் படம் ஆறு மாதத்தில் கைப்பேசியோடு போய்விடும், காகிதத்தின் மை நாளடைவில் வெளுத்துவிடும்.

காகிதமே உண்மையா?

படத்தில் கணக்கு சரியாக இருப்பதால் வர்த்தகம் நடந்தது என்று ஆகிவிடாது. யார் வேண்டுமானாலும் ஒத்துப்போகும் எண்களை அச்சடிக்கலாம். வர்த்தகம் நடந்த 24 மணி நேரத்துக்குள் கான்ட்ராக்ட் நோட் வர வேண்டும் என்பது விதி. அதைத் தவிர, பதிவு செய்த எண்ணுக்குச் சந்தையிலிருந்தே நேரடியாகக் குறுஞ்செய்தி வரும். என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டின் இணையதளங்களிலும் வாடிக்கையாளர் குறியீடு, ஆர்டர் எண், வர்த்தக எண் போன்றவற்றைக் கொடுத்து நடந்ததா என்று பார்க்கும் வசதியும் இருக்கிறது. இதற்காகத்தான் இடது ஓரத்தில் உள்ள நீளமான எண்களும் படத்தில் தெளிவாக விழ வேண்டும் என்கிறேன். ஆசிரியருக்கு அன்று மாலையே குறுஞ்செய்தி வந்திருந்தது. விளம்பரம் என்று நினைத்துத் திறக்காமல் விட்டிருக்கிறார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து மறுபடி குரல் பதிவு. கணக்கில் இருந்ததை முழுவதும் வங்கிக்கு எடுத்திருக்கிறார், வந்தது 9,555.64. "இப்போது இன்னொரு 15 ரூபாய் 93 பைசா!"

அது கான்ட்ராக்ட் நோட்டில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டிமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியேறும்போது, அந்தக் கணக்கை நடத்தும் டெபாசிட்டரி பங்கேற்பாளர் எடுக்கும் கட்டணம் அது. ஆசிரியரிடம் எடுத்தது 13.50, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2.43. எத்தனை பங்கு விற்றாலும், ஒரு நாளில் ஒரு நிறுவனத்தின் பங்குக்கு ஒருமுறை என்று பெரும்பாலான இடங்களில் எடுக்கிறார்கள். அது தரகர் வைத்திருக்கும் வரவு செலவுப் பேரேடான லெட்ஜரில்தான் தனி வரியாகப் பதிவாகும். லெட்ஜரைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அதற்குக் கீழேயே ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் என்று இன்னொரு வரி இருந்தது. அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.